தள்ளுபடியில் விற்ற கடன் பத்திரத்தின் உண்மையான வட்டி

கடன் பத்திரம் ஒன்று அதன் முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால், குறைந்துபோன அந்தத் தொகையும் வட்டிதான். பத்திரத்தில் அச்சிட்ட வட்டி ஆண்டுதோறும் கையில் கொடுக்கப்படுகிறது. தள்ளுபடியாக விட்டுக்கொடுத்த வட்டியோ கடைசி நாளில், அசலோடு அசலாகச் சேர்ந்து போகிறது. எப்போது கொடுத்தாலும் கடன் வாங்கிய ஒவ்வொரு ஆண்டும் அதன் சுமையில் பங்கு ஏற்க வேண்டும். எந்த ஆண்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதுதான் பயனுறு வட்டி முறை. கணக்கு அலுவலகங்களில் இந்த விகிதத்தை ஈ.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

ஒரு நிறுவனம் ஏப்ரல் 1ஆம் தேதி, முகமதிப்பு ஒரு லட்சம் ரூபாய் கொண்ட நான்கு ஆண்டுக் கடன் பத்திரத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கூப்பன் வட்டி 8 சதவீதம். அதாவது ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் 8,000 ரூபாய் தர வேண்டும். நான்காம் ஆண்டு முடிவில் அசல் ஒரு லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். அந்த நேரத்தில் இதே தரத்திலான பத்திரங்களுக்குச் சந்தையில் ஒன்பதரை சதவீதத்துக்குக் குறைந்து யாரும் பணம் தரத் தயாராக இல்லை. கூப்பனை மாற்ற விரும்பாத நிறுவனம் விலையைக் குறைத்து, 95,000 ரூபாய்க்குப் பத்திரத்தை விற்கிறது. ஏற்பாட்டாளர் கட்டணம், தரமதிப்பீட்டுக் கட்டணம், முத்திரைத் தீர்வை என்று இந்த வெளியீட்டுக்காகவே ஆன செலவு 1,340 ரூபாய். கையில் நின்றது 93,660 ரூபாய்.

கணக்கின் தொடக்கப் புள்ளி இந்த 93,660தான். ஒரு லட்சமும் அல்ல, 95,000மும் அல்ல. வெளியீட்டுச் செலவு இந்தக் கடன் இல்லாவிட்டால் வந்தே இருக்காது. ஆகவே அதுவும் கடனின் விலையில் ஒரு பகுதி. ஆனால் நிதிப் பிரிவு ஊழியர்களின் சம்பளம், பத்திரதாரர் நலனைக் காக்கும் டிரஸ்டிக்கு ஆண்டுதோறும் தரும் கட்டணம் போன்றவை இதில் சேரா. கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சம்பளம் போயிருக்கும். டிரஸ்டி கட்டணம் அந்தந்த ஆண்டின் சேவைக்கானது.

அடுத்த வேலை விகிதத்தைக் கண்டுபிடிப்பது. வரப்போகும் நான்கு கொடுப்பினைகளையும் ஏதோ ஒரு வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அவற்றின் கூட்டுத்தொகை சரியாக 93,660 ஆக வேண்டும். அந்த ஒரு விகிதம்தான் பயனுறு வட்டி விகிதம். இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. ஒரு விகிதத்தைப் போட்டுப் பார்த்து, மாற்றி மாற்றி நெருங்க வேண்டும். 9 சதவீதத்தில் போட்டால் 96,760 வருகிறது, அது அதிகம். 10 சதவீதத்தில் முதல் ஆண்டின் 8,000 இன்றைக்கு 7,273 ஆகிறது. இரண்டாம் ஆண்டினது 6,612, மூன்றாம் ஆண்டினது 6,011. நான்காம் ஆண்டில் வட்டியும் அசலுமாக வெளியேறும் 1,08,000 இன்றைக்கு 73,765 மட்டுமே. பைசாக்களோடு கூட்டினால் 93,660. ஆக, விகிதம் 10 சதவீதம். கணினித் தாளில் இதே தேடலை ஒரு வரி முடித்துவிடும்:

```
=RATE(4,-8000,93660,-100000)
```

உள்ளே வந்த பணத்துக்குக் கூட்டல் குறியும் வெளியே போகும் பணத்துக்குக் கழித்தல் குறியும் இட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே குறியை இட்டால் விடை வராது. தேதிகள் ஒழுங்கான இடைவெளியில் இல்லாதபோது XIRR உதவும்.

விகிதம் கிடைத்துவிட்டால் அட்டவணை தானாக எழுந்து நிற்கும். ஆண்டின் தொடக்க நிலுவையை 10 சதவீதத்தால் பெருக்கினால் அந்த ஆண்டின் வட்டிச் செலவு. அதில் 8,000 கையில் கொடுக்கப்படுகிறது. கொடுக்காத மீதி, கடனோடு சேர்கிறது.

| ஆண்டு | தொடக்க நிலுவை | வட்டிச் செலவு (10%) | கொடுத்த கூப்பன் | கடனில் சேர்ந்தது | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|---|
| 1 | 93,660 | 9,366 | 8,000 | 1,366 | 95,026 |
| 2 | 95,026 | 9,503 | 8,000 | 1,503 | 96,529 |
| 3 | 96,529 | 9,653 | 8,000 | 1,653 | 98,182 |
| 4 | 98,182 | 9,818 | 8,000 | 1,818 | 1,00,000 |

இறுதி நிலுவை என்ற கடைசிப் பத்தியில் இருப்பதைத்தான் கணக்கியலில் 'அமார்ட்டைஸ்டு காஸ்ட்' என்கிறார்கள். பேரைக் கேட்டால் எதையோ தேய்த்துக் குறைப்பதுபோல் தோன்றும். தள்ளுபடிப் பத்திரத்தில் அது ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. தேய்வது தள்ளுபடி, வளர்வது கடன். நான்கு ஆண்டுகளில் கடனில் சேர்ந்தவற்றைக் கூட்டினால் 6,340 ரூபாய்: தள்ளுபடி 5,000, வெளியீட்டுச் செலவு 1,340. ஒரு ரூபாய்கூட விட்டுப்போகவில்லை.

சேரும் தொகை 1,366இல் தொடங்கி 1,818 வரை ஏறுவதற்குக் காரணம் எளியது. முதல் ஆண்டில் கொடுக்காமல் நிறுத்திய 1,366 ரூபாயும் இரண்டாம் ஆண்டு முழுதும் கடனாக நிற்கிறது. அதற்கும் 10 சதவீதம் வட்டி உண்டு. அந்த வட்டி சுமார் 137 ரூபாய், 1,366க்கும் 1,503க்கும் இடையிலான வித்தியாசம் அதுதான். கூட்டு வட்டி தெரிந்த எவருக்கும் இதில் புதிதாக எதுவும் இல்லை.

பேரேட்டில் இது எப்படி ஏறும் என்பதையும் பார்க்க வேண்டும். வெளியிட்ட நாளில் வங்கிக் கணக்கில் 93,660 பற்று, கடன் பத்திரக் கணக்கில் அதே 93,660 வரவு. முதல் மார்ச் 31 அன்று நிதிச் செலவுக் கணக்கில் 9,366 பற்று. எதிரே வங்கியில் 8,000 வரவு, கடன் பத்திரக் கணக்கில் 1,366 வரவு. இருப்புநிலைக் குறிப்பில் கடன் 95,026 என்று நிற்கும். இந்தியாவின் பழைய வழக்கம் வேறு. கடன் முகமதிப்பில் ஒரு லட்சமாகவே காட்டப்படும். இன்னும் எழுதித் தள்ளாத தள்ளுபடி எதிர்ப்புறத்தில், சொத்துகளின் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கும். விற்கவோ பயன்படுத்தவோ முடியாத ஒன்றைச் சொத்துப் பக்கத்தில் வைத்த அந்த ஏற்பாட்டை விலக்கி, கடனை அதன் உண்மை நிலுவையில் காட்டுவது இந்த முறையால் கிடைத்த நேரடிப் பயன்.

6,340ஐ நான்கால் வகுத்து ஆண்டுக்கு 1,585 என்று சமமாகப் பிரித்தால் போதாதா என்ற கேள்வி எழும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஆண்டும் செலவு 9,585. முதல் ஆண்டில் அது 93,660 மீது 10.23 சதவீதம், நான்காம் ஆண்டில் 98,415 மீது 9.74 சதவீதம். கடன் ஒன்று, நிபந்தனை ஒன்று, சந்தையில் பேசி முடித்த விலை ஒன்று. ஆனால் விகிதம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதாகக் கணக்கு சொல்லும். நான்கு ஆண்டுப் பத்திரத்தில் இந்தப் பிழை சிறியது. நீண்ட காலமும் பெரிய தள்ளுபடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு.

இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கியான ஐ.டி.பி.ஐ. 1992இல் ஒரு பத்திரம் வெளியிட்டது. விலை 2,700 ரூபாய். 25 ஆண்டுகள் கழித்து முகமதிப்பு ஒரு லட்சம் ரூபாய். இடையில் கூப்பன் கிடையாது. 2,700 ரூபாய் 25 ஆண்டில் ஒரு லட்சமாக வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15.54 சதவீதம் வளர வேண்டும். அந்த விகிதத்தில் முதல் ஆண்டின் வட்டி சுமார் 420 ரூபாய், கடைசி ஆண்டின் வட்டி சுமார் 13,450 ரூபாய். இதையே சமமாகப் பிரித்தால் 97,300ஐ 25ஆல் வகுத்து ஆண்டுக்கு 3,892 ரூபாய். 2,700 ரூபாய்க் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி 3,892! அது 144 சதவீதம். கடைசி ஆண்டிலோ அதே 3,892, கிட்டத்தட்ட 4 சதவீதத்துக்குச் சமம். முதலீட்டாளரின் பக்கம் இருந்து பார்த்தால், முதல் ஆண்டிலேயே போட்ட பணத்தைவிட அதிக வருமானம் வந்துவிட்டதாகக் காட்டும் கணக்கு இது. சமப் பங்கீடு வெறும் தோராயம் என்று ஒதுக்கிவிட முடியாத இடம் இதுதான். இங்கே அது பொய்யான எண்ணையே தருகிறது.

மீண்டும் நான்கு ஆண்டுப் பத்திரத்துக்கு வரலாம். அதை 95,000 கொடுத்து வாங்கியவர் கடைசிவரை வைத்திருந்து கூப்பனையும் அசலையும் மட்டும் பெறப்போகிறார் என்றால், அவருடைய ஏட்டிலும் இதே முறையில் ஓர் அட்டவணை இருக்கும்; செலவு இருந்த இடத்தில் வருமானம். ஆனால் அவருடைய விகிதம் 10 சதவீதம் அல்ல. நிறுவனம் செலவழித்த 1,340 ரூபாய் ஏற்பாட்டாளருக்கும் அரசுக்கும் போனது, அவருக்கு வரவில்லை. 95,000க்கு அவர் பெறும் விகிதம் சுமார் 9.56 சதவீதம், முதல் ஆண்டு வருமானம் சுமார் 9,080 ரூபாய். ஒரே பத்திரத்துக்கு இரு தரப்பிலும் வேறு வேறு விகிதம் இருப்பது பிழையன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் செலவை யாரோ மறந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

கடனுக்கும் இதே தர்க்கம். ஐந்து லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 10 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் அசல் என்று ஒப்பந்தம். 'பிராசஸிங்' கட்டணமாக 10,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 4,90,000 ரூபாயைக் கொடுத்தால், அது தள்ளுபடியில் கொடுத்த கடனேதான். பயனுறு விகிதம் சுமார் 10.8 சதவீதம். கடன் கொடுத்த நிறுவனம் அந்தப் பத்தாயிரத்தை முதல் நாளே வருமானமாக எழுதிக்கொள்ள முடியாது. மூன்று ஆண்டுக்கும் பரப்ப வேண்டும். அதிகம் கடன் கொடுத்த ஆண்டில் லாபம் வீங்கித் தெரிவதும், கொடுக்காத ஆண்டில் சுருங்குவதும் இதனால் நிற்கிறது.

நடைமுறையில் பிழை அதிகம் நுழையும் இடம், வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை தரும் பத்திரங்கள். மேலே சொன்ன பத்திரமே ஆறு மாதத்துக்கு 4,000 ரூபாய் தருவதாக இருந்தால், தேட வேண்டியது எட்டு தவணைக்கான அரையாண்டு விகிதம். அது சுமார் 4.98 சதவீதம். இதை ஆண்டு விகிதமாக்கக் கூட்டு வட்டி முறையில் ஏற்றினால் சுமார் 10.21 சதவீதம் வரும். தவறு செய்பவர்கள் இந்த 10.21ஐ எடுத்து, பாதியாக்கி, ஒவ்வொரு அரையாண்டுக்கும் 5.1 சதவீதம் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் பிசகு என்பதால் கண்ணில் படாது. எட்டாம் வரியில் நிலுவை ஒரு லட்சத்தைத் தாண்டி ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக நிற்கும்போதுதான் தெரியும்.

அட்டவணையைச் சோதிக்கும் முதல் வழியும் அதுவே: கடைசி வரியின் இறுதி நிலுவை முகமதிப்பில் வந்து முட்ட வேண்டும். ஓரிரு ரூபாய் வித்தியாசம் பைசாவை முழுமையாக்கியதால் வருவது. அதைக் கடைசி ஆண்டில் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் விகிதமோ தொடக்கத் தொகையோ தப்பு. கடைசி ஆண்டின் வட்டியை மட்டும் மாற்றி எழுதி லட்சத்துக்கு இழுத்துக்கொண்டு வருவது நோயை மறைக்கும் வேலை. இன்னொரு பிழையை இந்தச் சோதனை பிடிக்காது. வெளியீட்டுச் செலவு 1,340ஐ முதல் ஆண்டே முழுதாக எழுதித் தள்ளிவிட்டு, 95,000இல் தொடங்கி 9.56 சதவீதத்தில் அட்டவணை போட்டாலும் கடைசி வரி அழகாக ஒரு லட்சத்தில் முடியும். அதைக் கண்டுபிடிக்க, வெளியிட்ட நாளில் வங்கியில் உண்மையில் நின்ற தொகையோடு அட்டவணையின் முதல் எண்ணை ஒப்பிட வேண்டும்.

நிலையான வட்டி கொண்ட பத்திரத்தில் வெளியிட்ட நாளில் கண்ட விகிதம் பின்னர் மாறுவதில்லை. இரண்டாம் ஆண்டில் சந்தை வட்டி 7 சதவீதத்துக்கு இறங்கினாலும் 12 சதவீதத்துக்கு ஏறினாலும் அட்டவணை அசையாது. பத்திரத்தின் அன்றைய சந்தை மதிப்பு கணக்குகளின் குறிப்புப் பகுதியில்தான் இடம்பெறும். இது இந்த முறையின் பலம், எல்லையும்கூட. பேசி முடித்த ஒப்பந்தத்தின்படி கடனுக்கு என்ன விலை என்று அது சொல்லும். இன்று அந்தக் கடனை வாங்கினால் என்ன விலை என்று சொல்லாது.

விகிதம் மாறாவிட்டாலும் எதிர்பார்ப்பு மாறலாம். பத்திரத்தை முன்கூட்டியே முகமதிப்பில் திருப்பித் தர நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. வெளியிட்டபோது அதைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவில், ஏட்டில் 96,529 நிற்கும்போது, அடுத்த ஆண்டே கடனை அடைத்துவிடுவது என்று முடிவாகிறது. இனி வெளியேறப் போவது மூன்றாம் ஆண்டு முடிவில் 1,08,000 மட்டும். அதைப் பழைய 10 சதவீதத்திலேயே ஓராண்டு பின்னுக்குக் கொண்டுவந்தால் 98,182. ஏட்டு நிலுவைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,653 ரூபாய். அது முடிவெடுத்த அந்த ஆண்டின் செலவாக உடனே ஏறுகிறது. மூன்றாம் ஆண்டின் வட்டி 98,182 மீது 9,818. 8,000 கூப்பன் போக நிலுவை ஒரு லட்சத்தைத் தொட்டு, அன்றே அடைபடுகிறது. மொத்தத் தள்ளுபடியும் செலவும் அதே 6,340தான்: 1,366, 1,503, 1,653, 1,818. நான்கு ஆண்டில் ஏற வேண்டியது மூன்று ஆண்டில் ஏறிவிட்டது. புதிய தேதிகளுக்கு ஏற்பப் புது விகிதம் ஒன்றைத் தேடி, மீதியை அமைதியாகப் பரப்பிவிடும் வழி இங்கே கிடையாது. முன்கூட்டி அடைப்பதால் கூடும் சுமையை, அந்த முடிவு பிறந்த ஆண்டே தாங்க வேண்டும்.

இந்தியாவில் இந்த முறையைக் கட்டாயமாக்கியது இந்தியக் கணக்கியல் தரம் 109. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல், படிப்படியாக. அதன் மூலமான பன்னாட்டுத் தரம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 9, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

தள்ளுபடி யாருடைய ஆண்டுக்குச் சொந்தம் என்ற கேள்வி இந்தத் தரங்களுக்கு முன்பே சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் 1966 டிசம்பரில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு 12 ஆண்டுக் கடன் பத்திரங்களை 2 சதவீதத் தள்ளுபடியில் வெளியிட்டது. தள்ளுபடி மொத்தம் 3 லட்சம் ரூபாய். 1967 ஜூன் 30இல் முடிந்த ஆண்டின் ஏட்டில் நிறுவனம் எழுதித் தள்ளியது ஆறு மாதத்துக்குரிய பங்கான 12,500 ரூபாய் மட்டுமே. வருமான வரிக் கணக்கில் பின்னர் முழு 3 லட்சத்தையும் அந்த ஓராண்டின் செலவாகக் கேட்டது. தள்ளுபடி செலவுதான், ஆனால் அதன் பயன் 12 ஆண்டுக்கும் கிடைப்பதால் 12 ஆண்டுக்கும் பரப்பப்பட வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுக்கு அனுமதித்தது 12,500 ரூபாய்.

நீதிமன்றம் ஏற்ற கணக்கு சமப் பங்கீடு: ஆண்டுக்கு 25,000, அரையாண்டுக்கு அதில் பாதி. இரண்டே சதவீதத் தள்ளுபடி என்பதால் பயனுறு முறையில் போட்டிருந்தாலும் அந்த முதல் அரையாண்டின் பங்கு 12,500ஐவிடக் குறைந்து, கடைசி ஆண்டுகளின் பங்கு அந்த அளவுக்குக் கூடியிருக்கும்; மொத்தம் அதே 3 லட்சம்தான்.